சிவப்புப் பூ யாரை அழைக்கிறது, யாரை விலக்குகிறது?

பூவின் தோற்றத்தை வைத்தே அதற்கு மகரந்தம் கொண்டுவருபவர் யார் என்று சொல்லிவிடலாம் என்பது பழைய நம்பிக்கை. நீலமோ மஞ்சளோ ஆகி, உட்கார ஒரு இதழும் இருந்தால் தேனீ. சிவப்பாய், குழலாய், மணமில்லாமல் இருந்தால் பறவை. வெளுத்து, இரவில் மணந்து, நீண்ட குழலோடு இருந்தால் அந்துப்பூச்சி. மங்கிய நிறத்தில், அகன்ற வாயோடு, இலைக்கூட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வௌவால். நிறம், மணம், வடிவம், தேன் ஆகியவை இப்படிச் சேர்ந்தே வருவதைத்தான் மகரந்தச் சேர்க்கைப் பண்புத் தொகுதி என்கிறோம். பட்டியல் மனப்பாடம் செய்ய எளிது. ஒவ்வொரு பண்பும் பூவுக்கு என்ன வேலை செய்கிறது என்று கேட்டால்தான் விஷயம் விளங்கும். அதற்கு வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில் வளரும் இரண்டு மிமுலஸ் செடிகளைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இவை மிக நெருங்கிய உறவுச் செடிகள். ஒன்று மிமுலஸ் லூயிசி. மலையின் உயரப் பகுதிகளில் வளர்வது. வெளிர் இளஞ்சிவப்புப் பூ. கீழிதழ்கள் முன்னோக்கி விரிந்து, பம்பிள் தேனீ வந்து இறங்கத் திண்ணை போல் நிற்கும். தொண்டையில் தேன் இருக்கும் வழியைக் காட்டும் மஞ்சள் மேடுகள் இரண்டு. மகரந்தப்பைகளும் மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடியும் உள்ளேயே அடங்கியிருப்பதால், தேனீ தலையை நுழைக்கும்போது அதன் முதுகில் படும். தேன் கொஞ்சம்தான், ஆனால் அடர்த்தியானது.

மற்றது மிமுலஸ் கார்டினாலிஸ். தாழ்வான பகுதிகளில் ஓடைக்கரைகளில் வளர்வது. நல்ல சிவப்பு. இதழ்கள் பின்னோக்கி மடிந்திருப்பதால் எந்தப் பூச்சிக்கும் உட்கார இடமில்லை. குழல் குறுகலானது. மகரந்தப்பைகளும் சூலகமுடியும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்கும் ஹம்மிங் பறவையின் நெற்றியில் அவை உரசும். தேன் பல மடங்கு அதிகம். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வளரும் இடங்கள் உண்டு. கையால் மகரந்தம் வைத்தால் இரண்டும் கலந்து விதை வைக்கும். இயற்கையில் கலப்புச் செடி காண்பது மிக அரிது. தேனீ ஒரு பூவோடும் பறவை மறு பூவோடும் நின்றுவிடுவதே இதற்குப் பெரும் காரணம்.

இந்த இரண்டு பூக்களுக்கும் வேறுபாடுகள் பத்துக்கு மேல் இருக்கும். எது உண்மையில் வேலை செய்கிறது? இதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழி, மற்றதெல்லாம் அப்படியே இருக்க ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. இதழில் கரோட்டினாய்டு என்ற மஞ்சள் நிறமி சேர்வதைத் தீர்மானிக்கும் மரபணு இடம் ஒன்று இச்செடிகளில் உண்டு. அதன் பெயர் YUP. லூயிசியில் அது கரோட்டினாய்டைத் தடுக்கிறது. ஆகவே ஆந்தோசயனின் என்ற மற்றொரு நிறமி மட்டும் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. கார்டினாலிஸில் தடை இல்லை. மஞ்சள் கரோட்டினாய்டும் ஆந்தோசயனினும் சேர்ந்து சிவப்பாகின்றன. பிராட்ஷா, ஷெம்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் கலப்பினச் செடிகளைத் தாய் இனத்தோடே மீண்டும் மீண்டும் கலந்து, இந்த ஒரு இடத்தை மட்டும் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றினார்கள். லூயிசி மஞ்சள் கலந்த ஆரஞ்சாயிற்று. கார்டினாலிஸ் அடர் இளஞ்சிவப்பாயிற்று. வடிவமும் தேனும் ஏறத்தாழ பழையபடியே இருந்தன. பிறகு செடிகளை இயற்கைச் சூழலில் வைத்து, யார் எத்தனை முறை வருகிறார்கள் என்று எண்ணினார்கள். முடிவு 2003-இல் வெளிவந்தது.

இளஞ்சிவப்பாக்கிய கார்டினாலிஸுக்குத் தேனீக்களின் வருகை 74 மடங்கு கூடியது. ஆரஞ்சாக்கிய லூயிசிக்கு ஹம்மிங் பறவையின் வருகை 68 மடங்கு கூடியது. பெரும்பாலும் இந்த இரண்டு எண்களோடு கதையை முடித்துவிடுவார்கள். அவற்றோடு நின்றால் முக்கியமான செய்தி நழுவிவிடும். அந்த ஆய்வின் மற்ற எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சிவப்பை இழந்த கார்டினாலிஸைப் பறவைகள் கைவிடவில்லை. ஏறத்தாழ முன்பு போலவே வந்தன. ஆரஞ்சான லூயிசிக்குப் பறவை 68 மடங்கு கூடியும் தேனீயின் எண்ணிக்கையை எட்டவில்லை. முன்பு பறவை வரவு அத்தனை குறைவு என்பதால்தான் மடங்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. அதே பூவில் தேனீயின் வருகை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகச் சரிந்தது.

ஆகவே கார்டினாலிஸின் சிவப்பு, பறவையை அழைப்பதைவிடத் தேனீயை விலக்குகிறது. பறவையை இழுப்பது தேன். இதே ஆய்வாளர்கள் 1999-இல் இரண்டாம் தலைமுறைக் கலப்பினங்களில் பார்த்ததும் இதையே சொல்கிறது. கரோட்டினாய்டைக் கூட்டும் மரபணு வடிவம் தேனீயின் வருகையை 80 சதவீதம் குறைத்தது. தேனைக் கூட்டும் வடிவம் பறவையின் வருகையை இரட்டிப்பாக்கியது.

தேனீயை எதற்காக விலக்க வேண்டும்? பறவைக்கென்று ஒதுக்கிய தேனைத் தேனீ குடித்துத் தீர்த்துவிடும். மகரந்தத்தை வாரிக் கூட்டுக்குக் கொண்டுபோய்விடும். வெளியே நீட்டிய சூலகமுடியில் அதன் உடல் படுவது உறுதியில்லை. தேனீயின் கண்ணுக்குப் புற ஊதா, நீலம், பச்சை என மூன்று உணரிகள்தான். புற ஊதாவைத் திருப்பி அனுப்பாத தூய சிவப்பு அதற்குப் பச்சை இலைகளுக்கு நடுவே மங்கலான ஒரு திட்டு. தேனீ அதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதில்லை; தேட நேரமாகும், பக்கத்தில் எளிதாகத் தெரியும் வேறு பூ இருந்தால் அங்கே போய்விடும். இங்கே ஒரு எச்சரிக்கை. நம் கண்ணுக்குச் சிவப்பாய் இருப்பதெல்லாம் தேனீக்கும் அப்படியே இருக்கும் என்று எண்ணக் கூடாது. ஐரோப்பிய வயல்களின் சிவப்புப் பாப்பி இதழ் புற ஊதாவை நன்கு எதிரொளிக்கிறது. தேனீக்கு அது தெளிவாகத் தெரியும் பூ. தேனீக்கள் அதற்குத் தாராளமாக வருகின்றன.

இந்தக் கண்ணோட்டத்தோடு இரவுப் பூக்களைப் பார்த்தால் அவையும் புரியும். இருட்டில் பருந்து அந்துப்பூச்சி பூவைத் தேடுவதில் மணத்துக்கும் வெண்மைக்கும் வெவ்வேறு பங்கு. தூரத்திலிருந்து மணம் திசை காட்டும். அருகில் வந்ததும் வெளுத்த இதழ் இடம் காட்டும். பெட்டூனியா ஆக்சிலாரிஸ் என்ற வெள்ளைப் பூ, மீத்தைல் பென்சோயேட் உள்ளிட்ட மணப்பொருள்களை மாலைக்குப் பிறகே மிகுதியாக வெளிவிடுகிறது. பகலில் அதைச் செலவிட்டால் கிடைப்பது எதுவுமில்லை. அதற்கு நெருங்கிய உறவான சிவப்புப் பெட்டூனியா எக்செர்டா, ஹம்மிங் பறவைப் பூ. அது மணத்தை அறவே இழந்துவிட்டது.

குழலின் நீளம் வேறு கதை. மடகாஸ்கரின் வெள்ளை ஆர்க்கிட் ஒன்றில் தேன் சுமார் 30 செ.மீ. நீளமுள்ள, வால் போன்ற குழலின் அடியில் இருப்பதைக் கண்ட டார்வின், அவ்வளவு நீளமான உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி அங்கே இருக்க வேண்டும் என்று 1862-இல் எழுதினார். அத்தகைய பூச்சி 1903-இல் விவரிக்கப்பட்டது. குழல் பூச்சியின் நாக்கைவிடச் சற்று நீண்டிருப்பதில்தான் பூவின் லாபம். கடைசிச் சொட்டுக்காகப் பூச்சி தலையை அழுத்த வேண்டியிருக்கும்; அப்போது மகரந்தக் கட்டி அதன்மேல் ஒட்டும். நாக்கு குழலைவிட நீளமாயிருந்தால் பூச்சி தொடாமலே குடித்துவிட்டுப் போகும். நில்சன் என்ற ஆய்வாளர் 1988-இல் வேறொரு ஆர்க்கிட்டில் குழலைக் கட்டிச் சுருக்கிப் பார்த்தபோது, குழல் குறையக் குறைய மகரந்தச் சேர்க்கையும் குறைந்தது.

வௌவாலுக்கு வேண்டியது பறக்க இடம். அதனால் பூ கிளை நுனியிலோ, தண்டிலோ, தொங்கும் காம்பிலோ வெட்டவெளியில் நிற்கும். உடல் பெரியது, ஆகவே தேனும் ஏராளம், நீர்த்தது. இலவ மரம் இப்படித்தான் வௌவால்களுக்கு விருந்து வைக்கிறது. அமெரிக்க வெப்பமண்டல வௌவால் பூக்கள் பலவற்றில் கந்தகச் சேர்மங்களின் வாடை உண்டு. மனிதருக்கு அழுகல் போல் இருக்கும். கியூபாவின் மார்க்கிராவியா எவேனியா கொடி இன்னும் ஒரு படி மேலே போகிறது. பூங்கொத்துக்கு மேல் கிண்ணம் போல் குழிந்த ஓர் இலை. வௌவால் அனுப்பும் ஒலியை அது எந்தக் கோணத்திலிருந்தும் வலுவாக, மாறாத எதிரொலியாகத் திருப்பி அனுப்பும். 2011-இல் வெளியான சோதனையில், அந்த இலையை வைத்த தேன்குழலை வௌவால்கள் பாதி நேரத்தில் கண்டுபிடித்தன.

இத்தனைக்கும் பிறகு, முன்பின் தெரியாத ஒரு பூவைப் பார்த்து இது இன்னாருடையது என்று துணிந்து சொல்லலாமா? 2009-இல் மூன்று கண்டங்களின் ஆறு இடங்களில் பண்புத் தொகுதிகளைச் சோதித்தபோது, மூன்றில் ஒரு பங்கு செடிகளில்தான் முதன்மை வருகையாளர் சரியாகக் கணிக்கப்பட்டார். ஆகவே தோற்றம் ஊகம் மட்டுமே. உறுதி செய்ய உறை போட்டுப் பார்க்க வேண்டும்.

மொட்டு விரிவதற்கு முன் நுண்வலைத் துணியால் உறை போட்டு, பூக்களை ஐந்து குழுவாகப் பிரிக்க வேண்டும். எப்போதும் மூடியவை, எப்போதும் திறந்தவை, பகலில் மட்டும் திறந்தவை, இரவில் மட்டும் திறந்தவை, கையால் வேறு செடியின் மகரந்தம் வைத்தவை. ஒவ்வொன்றிலும் பல செடிகளின் பூக்கள் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே செடியில் இருந்தால் அந்தச் செடியின் நலமோ நோயோ முடிவாக வந்துவிடும். பிறகு காய் பிடித்ததையும் விதைகளையும் எண்ண வேண்டும். எப்போதும் மூடியவையே நிறைய விதை வைத்தால் செடி தன் மகரந்தத்தாலேயே கருவுறுகிறது, அல்லது உறை உரசி மகரந்தத்தைத் தள்ளியிருக்கிறது. இதைப் பிரித்தறிய, சில மொட்டுகளுக்கு, துணி பூவில் படாதபடி கம்பிச் சட்டத்தின் மேல் உறை போட வேண்டும். கையால் வைத்தவை, திறந்தவற்றைவிட அதிக விதை வைத்தால், அந்த இடத்தில் மகரந்தம் கொண்டுவருபவர்கள் போதவில்லை.

இதில் அடிக்கடி நேரும் பிழை, வந்தவரையெல்லாம் மகரந்தம் சேர்ப்பவர் என்று கணக்கு வைப்பது. தச்சுத் தேனீ குழலின் அடியில் ஓட்டை போட்டுத் தேனைத் திருடும். சூலகமுடி பக்கமே போகாது. குழலின் அடியில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தாலே திருட்டு தெரிந்துவிடும். ஐயம் தீர, உறையிட்ட புதுப் பூவைத் திறந்துவைத்து, ஒரே ஒரு வருகைக்குப் பின் சூலகமுடியை வெட்டி, நுண்ணோக்கியில் ஒட்டிய மகரந்தத் துகள்களை எண்ண வேண்டும். வெள்ளையாய் இரவில் மணக்கும் பூ ஒன்றில், பகலில் மட்டும் திறந்தவை இரவில் திறந்தவற்றைவிட அதிக விதை வைத்திருந்தால், அந்த இடத்தில் இன்று அதற்கு அதிகம் உழைப்பது இரவில் வரும் அந்துப்பூச்சி அல்ல, பகலில் வருபவர்தான். வெண்மையும் மணமும் முன்பிருந்த பூச்சிக்கோ, அந்துப்பூச்சி மிகுந்த வேறொரு ஆண்டுக்கோ உரியவையாக இருக்கலாம். அதைச் சொல்ல இன்னும் சில பருவங்கள் உறை போட வேண்டியிருக்கும்.