எழுத்தில் முடியாத தொகை: வங்கி ஏன் ஊகிப்பதில்லை?

பெங்களூரு அல்சூரில் மாதம் 14,500 ரூபாய் வாடகைக்கு ஒரு வீடு. பத்து மாத அட்வான்ஸ் என்றால் 1,45,000 ரூபாய். குடிவரப் போகிறவர் வீட்டுக்காரர் பெயருக்குச் செக் எழுதுகிறார். கட்டத்துக்குள் 1,45,000 என்று சரியாகப் போட்டுவிட்டார். எழுத்தில் எழுதும் வரியில் ஆங்கிலத்தில் ‘ஒன் லேக் ஃபார்ட்டி ஃபைவ்’ வரை வந்தவர், ‘தவுசண்ட் ஒன்லி’ என்பதை விட்டுவிட்டார். கையெழுத்து சரி, தேதி சரி, கணக்கில் பணமும் இருக்கிறது. ஆனாலும் செக் திரும்பி வருகிறது. “ஆயிரம் விட்டுப்போச்சுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே” என்று வீட்டுக்காரருக்குக் கோபம்.

அந்த வரியை மட்டும் தனியாகப் படித்துப் பாருங்கள். அது 1,00,045 ரூபாய் என்றும் படிக்கும். இரண்டுக்கும் இடையே 44,955 ரூபாய் வித்தியாசம். அட்வான்ஸ் கதை நமக்குத் தெரிவதால் நமக்குச் சந்தேகம் வரவில்லை. வங்கிக்கு அந்தக் கதை தெரியாது. இப்போது கிளியரிங்கில் காகிதம்கூட அதன் கைக்கு வருவதில்லை. வீட்டுக்காரரின் வங்கி செக்கை ஸ்கேன் செய்து, தொகையை உள்ளிட்டு, படத்தை மட்டும் அனுப்புகிறது. பணம் கொடுக்க வேண்டிய வங்கியில் திரையைப் பார்ப்பவர் தீர்மானிக்க அந்தப் படத்தில் இருப்பதுதான் ஆதாரம்.

இதற்குச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, எண்ணிலும் எழுத்திலும் தொகை வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே தொகை என்கிறது. எண்ணில் ஒரு பூஜ்யம் சேர்ப்பது சுலபம், சொல்லை மாற்றுவது கடினம். அதனால் எழுத்துக்கு மதிப்பு அதிகம். ஆனால் இந்தச் செக்கில் அந்தப் பிரிவைப் பிடித்தால் 1,00,045 கொடுக்க வேண்டியிருக்கும். எழுதியவர் அதை நினைக்கவே இல்லை. எண்ணைப் பார்த்து 1,45,000 கொடுத்தாலோ, சட்டம் எதை நம்பச் சொல்கிறதோ அதை விட்டுவிட்டதாகும். அதோடு, இரண்டு தொகைகள் முழுதாக எழுதப்பட்டு முரண்பட்டால்தான் அந்தப் பிரிவு தெளிவாக உதவும். பாதியில் நின்ற வரி ஒரு தொகையைச் சொல்லி முடித்ததா என்பதே இங்கே கேள்வி. அதனால்தான் வேறுபாடு தெரிந்தாலே பொதுவாகச் செக்கைத் திருப்பிவிடுகிறார்கள்.

பணம் கணக்கு வைத்திருப்பவருடையது. அவர் உத்தரவிட்ட தொகையை மட்டுமே வங்கி அவர் கணக்கில் பற்று வைக்கலாம். ஊகித்து அதிகம் கொடுத்துவிட்டால், அந்த அதிகப் பணத்துக்கு உத்தரவே இல்லை. வங்கிதான் பொறுப்பேற்க நேரும். நல்லெண்ணத்தோடும் கவனக்குறைவு இல்லாமலும் கொடுத்தால்தான் சட்டம் வங்கியைக் காப்பாற்றும். கண்ணுக்கெதிரே வரி முடியாமல் நிற்பதைப் பார்த்தபின் கொடுத்துவிட்டு, கவனமாகத்தான் இருந்தேன் என்று சொல்ல முடியாது. திருப்பி அனுப்பினால் போவது சில நாட்களும் ரிட்டர்ன் கட்டணமும்தான். தவறாகப் போன பணத்தையோ, பெற்றவர் செலவழித்துவிட்டால் மீட்பது பெரும்பாடு. அதனால் வங்கி செய்வது சரிதான் என்பது என் கருத்து.

லண்டனில் 1918-இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கு இதன் மறுபக்கத்தைக் காட்டும். ஒரு நிறுவனத்தின் எழுத்தர், எண்ணில் 2 பவுண்டு மட்டும் போட்டு, எழுத்து வரியை வெறுமையாக விட்டு, முதலாளியிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு எண்ணை 120 ஆக்கி, வரியிலும் அதையே எழுதி, வங்கியில் பணத்தை வாங்கிக்கொண்டார். நஷ்டம் முதலாளியின் தலையில்தான் விழுந்தது. இடம் விட்டுக் கையெழுத்துப் போட்டது அவருடைய கவனக்குறைவு என்றார்கள். எழுதி முடித்த செக் வங்கியின் பார்வையில் பழுதில்லாமல் இருந்தது. நம் அல்சூர் செக்கிலும் ‘ஃபைவ்’க்குப் பின்னே அதே வெற்றிடம்தான் இருக்கிறது. வேறுபாடு, இங்கே அது நிரப்பப்படாமலே வங்கிக்கு வந்துவிட்டது.

அதனால் திரும்பிய செக்கில் வீட்டுக்காரர் தாமாக ‘தவுசண்ட்’ சேர்க்கக் கூடாது. எழுதியவரின் ஒப்புதல் இல்லாமல் தொகையை மாற்றினால் செக்கே செல்லாததாகிவிடலாம். எழுதியவரே திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாலும், படம் வழியாகச் செல்லும் கிளியரிங்கில் தேதியைத் தவிர வேறு திருத்தத்தை ஏற்பதில்லை. புதுச் செக்தான் ஒரே வழி. ரிட்டர்ன் மெமோவில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். அதே சட்டத்தின் 138-ஆவது பிரிவில் போடும் வழக்கு, கணக்கில் பணம் போதாமல் திரும்பும் செக்குகளுக்காக வந்தது. எழுத்து வரி முடியாததால் திரும்பியதை வைத்து, எழுதியவரை ஏமாற்றுக்காரர் என்று நினைக்க வேண்டாம்.

புதுச் செக்கில் வரியின் இடது ஓரத்திலேயே தொடங்கி, ‘ஒன்லி’ வரை எழுதி, மிச்ச இடத்தில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். தொகை 50,000 ரூபாய்க்கு மேல் என்பதால், செக்கின் எண், தொகை போன்றவற்றை எழுதியவரே வங்கிக்கு முன்கூட்டிச் சொல்லிவைக்கும் பாசிட்டிவ் பே விவரத்தைப் பழைய செக்குக்குக் கொடுத்திருந்தால், செக் எண் மாறிவிட்டதால் அதையும் புதிதாகப் பதிய வேண்டும்.