கடையின் ஒரு மூலையை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும்போது

கடைக்குள் பயன்படாமல் இருக்கும் ஒரு மூலையை இன்னொரு தொழிலுக்கு உள்வாடகைக்கு விட விரும்பி, ஒப்பந்தம் எழுத என்னிடம் வருவோர் பெரும்பாலும் "எங்கள் கடைக்கு ஒரு நாளைக்கு இத்தனை பேர் வருகிறார்கள்" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அது வாசலில் எடுத்த கணக்கு. அதில் ஊழியர்களும், சரக்கு இறக்குபவர்களும், வெளியே போய் மீண்டும் உள்ளே வந்தவர்களும் சேர்ந்திருப்பார்கள். அதையெல்லாம் கழித்தாலும், வாசலைத் தாண்டியவர் அனைவரும் அந்த மூலையைக் கடந்தார்கள் என்று பொருளாகாது. மூலையை எடுப்பவர் பணம் கொடுப்பது தன் மேசையைக் கண்டுகொண்டு போகக்கூடியவர்களுக்காக என்பதால், எண்ணிக்கையை அந்த மூலையின் அருகிலேயே எடுக்க வேண்டும்.

எண்ணுவதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. சாதாரண வேலைநாள் ஒன்றும் விடுமுறை நாள் ஒன்றும் சேரும்படி ஒரு வாரத்தைத் தேர்ந்து, மூலைக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் தொலைவுக்குள் வருவோரை மணிக்கு மணி தனித்தனியே குறித்தால் போதும். ஒரு குடும்பமாக வருவோரை ஒருவராகக் கொள்வதா, தலைக்கு ஒருவராகக் கொள்வதா என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எந்த முறையானாலும் சரி. ஆனால் பின்னால் மறுகணக்கு எடுக்கும்போதும் அதே முறை இருக்க வேண்டும். தள்ளுபடி நடக்கும் வாரத்திலும் பண்டிகை வாரத்திலும் எடுத்த கணக்கை இருவருமே ஏற்கக் கூடாது.

மணிவாரியாக எண்ணுவது ஏன் என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். காலை 9 முதல் இரவு 9 வரை, 12 மணி நேரம் திறந்திருக்கும் ஒரு கடையின் வாசலில் ஒரு நாளைக்கு 600 பேர் என்று கணக்கு. மூலையருகே வந்தவர்கள் 180 பேர் மட்டுமே. அவர்களில் 108 பேர் மாலை 5 முதல் 9 வரை வந்தார்கள். மீதி 72 பேர் முந்தைய எட்டு மணி நேரத்தில் பரவியிருந்தார்கள். அதாவது மாலையில் மணிக்கு 27 பேர், பகலில் 9 பேர். மூலையின் முழுநாள் வாடகையை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், மாலை நான்கு மணி நேரம் மட்டும் கேட்பவரிடம் நேரத்தை வைத்து 33 பங்கு வாங்குவது தவறு. அவர் நாளின் 60 விழுக்காட்டு வருகையை எடுத்துக்கொள்கிறார். எனவே மாலை மணிக்கு 15 பங்கு, பகல் மணிக்கு 5 பங்கு என்பதே பொருந்தும் விகிதம். மாலையை மலிவாகக் கொடுத்துவிட்டால், மிஞ்சிய பகல் நேரத்தை ஈடுகட்டும் விலைக்கு எடுக்க யாரும் வரமாட்டார்கள்.

அந்த 100 பங்கின் அடித்தளம், கடையின் மொத்த வாடகையில் மூலையின் பரப்புக்கு உரிய பங்கும் அதற்கு ஆகும் மின்சாரமும் துப்புரவுச் செலவும் ஆகும். பரப்பைக் கணக்கிடும்போது மூலை முன்பக்கத்தில் இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் கடைகளை மதிப்பிடுவோர் முகப்பிலிருந்து ஏறக்குறைய 6 மீட்டர் ஆழம் வரை முழு மதிப்பும், அடுத்த 6 மீட்டருக்கு அதில் பாதியும் வைக்கும் வழக்கம் உண்டு. முகப்பு மூலையைச் சராசரி விலைக்குக் கொடுப்பது கடைக்காரருக்கு நட்டம்.

சச்சரவு அதிகம் எழுவது மறுகணக்கில்தான். மூன்று மாதம் கழித்து மூலையருகே வருவோர் 180-லிருந்து 230 ஆகியிருந்தால், வாடகையை உயர்த்தலாம் என்று கடைக்காரர் நினைப்பார். ஆனால் கூடுதலாக வந்த 50 பேரும் மூலையில் இருப்பவரைத் தேடியே வந்திருந்தால், தன் உழைப்பால் கூட்டிய கூட்டத்துக்கு அவரே கூடுதல் வாடகை கட்டுவதாகிவிடும். அது நியாயமல்ல என்பது என் உறுதியான கருத்து. இதை அறிய எளிய வழி, கடையின் சொந்த பில்களின் எண்ணிக்கையை அதே இரு வாரங்களுக்கு ஒப்பிடுவது. பில்கள் உயராமல் வருகை மட்டும் உயர்ந்திருந்தால், அந்த உயர்வு பெரும்பாலும் மூலைக்காரருடையது. 15 விழுக்காட்டுக்கு மேல் மாறினால் மட்டுமே வாடகை மாறும் என்றும், அது குறையவும் செய்யலாம் என்றும் ஒப்பந்தத்தில் சேர்ப்பது நல்லது.

வாகனம் நிறுத்தும் இடத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே எத்தனை பேர் கடந்து போகிறார்கள் என்பதைவிட, அருகில் உள்ள இடங்கள் எந்த மணியில் நிரம்புகின்றன என்பதே விலையை முடிவுசெய்கிறது. உரிய நேரத்தில் வண்டியை எடுக்காதவரிடம் வழக்கமான மணிக்கட்டணத்தையே வாங்கினால், தாமதிப்பதால் அவருக்கு இழப்பில்லை. ஆகவே சிறிது சலுகை நேரத்துக்குப் பின் கட்டணம் தெளிவாகக் கூடியிருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, நீங்களே வாடகைக்கு இருப்பவரானால் உங்கள் மூல ஒப்பந்தத்தில் உள்வாடகை பற்றிய பிரிவைப் படித்து, கட்டட உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதத்தைப் பெறுங்கள். குறித்த மணிகளில் மட்டும் இடத்தைப் பயன்படுத்தும் அனுமதி என்று எழுதி, பூட்டும் சாவியும் உங்களிடமே இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். மூலையைத் தடுத்துப் பூட்டித் தனிச்சாவி கொடுத்துவிட்டால், எழுதிய பெயர் எதுவானாலும் அதைத் தனி வாடகை உரிமையாகக் கருதக்கூடிய சட்டங்கள் உண்டு.