499.23 டாலரா, 124.81 டாலரா?

2020 ஆகஸ்ட் 28, வெள்ளிக்கிழமை. அன்று ஆப்பிள் பங்கின் முடிவு விலை என்ன என்று இரண்டு தரவு மூலங்களைக் கேட்டால், ஒன்று 499.23 டாலர் என்கிறது, இன்னொன்று 124.81 டாலர் என்கிறது. பார்த்தவுடன் இதில் ஒன்று பொய் என்று தோன்றும். உண்மையில் இரண்டுமே சரி.

அடுத்த வர்த்தக நாளான ஆகஸ்ட் 31 அன்று ஆப்பிள் ஒவ்வொரு பங்கையும் நான்காகப் பிரித்தது. முதல் மூலம் அன்று சந்தையில் நடந்த விலையை அப்படியே வைத்திருக்கிறது. இரண்டாவது மூலமோ பிரிப்புக்குப் பிறகு திரும்பிப் பார்த்து, பழைய விலைகள் அனைத்தையும் நான்கால் வகுத்து எழுதியிருக்கிறது. இதைச் சரிக்கட்டிய விலை என்பார்கள்.

இப்படிப்பட்ட முரண்பாட்டைப் பார்த்ததும் பலர் செய்யும் முதல் தவறு, இரண்டையும் கூட்டிப் பாதியாக்குவது. அப்படிச் செய்தால் 312.02 டாலர் வரும். அன்று அந்த விலையில் யாரும் ஒரு பங்குகூட வாங்கவில்லை. சிறு சிறு அளவீட்டுப் பிழைகளைச் சராசரி மழுங்கடிக்கும். ஆனால் இரண்டு மூலங்களும் இரண்டு வேறு பொருள்களைச் சொல்லும்போது சராசரிக்கு வேலையே இல்லை.

நான் முதலில் செய்வது, ஒரு மூலத்தின் விலையை மற்றதன் விலையால் நாள்தோறும் வகுத்து, அந்த விகிதத்தை ஒரு கோடாக வரைந்து பார்ப்பது. விலை தினமும் ஏறி இறங்கும்; இரண்டு மூலங்களும் ஒரே பங்கைத்தான் சொல்கின்றன என்றால் விகிதம் ஏறி இறங்கக் கூடாது. அது அசையும் இடத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது. கீழே உள்ள பைத்தான் நிரலில் a, b என்பவை அந்த இரண்டு மூலங்களின் pandas அட்டவணைகள்.

```
r = a["close"] / b["close"]
step = r / r.shift(1) - 1
print(step[step.abs() > 0.001])
```

ஆப்பிள் விஷயத்தில் ஆகஸ்ட் 28 வரை விகிதம் 4 என்றும், 31 முதல் 1 என்றும் இருக்கும். நடுவே ஒரே ஒரு படி. ஒருமுறை இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்கும் படி என்றால், பெரும்பாலும் அது தட்டச்சுப் பிழை அல்ல. அந்தத் தேதியில் நிறுவனம் ஏதோ செய்திருக்கிறது. படிக்கு முந்தைய விகிதத்தைப் பிந்தையதால் வகுத்தால் 2, 4, 7 போன்ற முழு எண் வந்தால் பங்குப் பிரிப்பை முதலில் சந்தேகிக்கலாம்.

இதை உறுதிசெய்ய இன்னொரு சாட்சி கையிலேயே இருக்கிறது: வால்யூம், அதாவது கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை. முதல் மூலத்தில் ஆகஸ்ட் 28-க்கு சுமார் 4.7 கோடி பங்குகள். இரண்டாவதில் சுமார் 18.8 கோடி. விலை நான்கில் ஒன்றானால் எண்ணிக்கை நான்கு மடங்காக வேண்டும். விலையையும் வால்யூமையும் பெருக்கினால் இரண்டிலும் ஏறத்தாழ 2,340 கோடி டாலர் வருகிறது. அன்று கைமாறிய பணம் அதுதான், பங்கை எத்தனை துண்டாக்கினாலும் அது மாறாது. விலையை மட்டும் வகுத்துவிட்டு வால்யூமை மறந்துவிடும் மூலம் இந்தப் பெருக்கலில் உடனே மாட்டிக்கொள்ளும்.

பிரிப்பைவிடக் குழப்பம் தருவது டிவிடெண்ட், அதாவது நிறுவனம் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லாபப் பணம். அதே மாதம் 7-ஆம் தேதி முதல் ஆப்பிள் பங்கை வாங்குபவருக்கு, அந்தக் காலாண்டின் 0.82 டாலர் டிவிடெண்ட் கிடையாது. முந்தைய நாள் முடிவு விலை 455.61. டிவிடெண்டையும் சரிக்கட்டும் மூலம், 455.61-இலிருந்து 0.82-ஐக் கழித்து, மிச்சத்தை 455.61-ஆல் வகுக்கும். வரும் 0.9982 என்ற காரணியால், 7-ஆம் தேதிக்கு முந்தைய எல்லா விலைகளையும் பெருக்கும். பின்னால் வந்த டிவிடெண்டுகளை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டால், ஆகஸ்ட் 6-க்கு விகிதம் 4 ஆக இருக்காது, 4.0072 ஆகிவிடும். இன்னும் பின்னே போகப் போக, ஒவ்வொரு டிவிடெண்ட் தேதியிலும் ஒரு குட்டிப் படி. மூன்று மாத இடைவெளியில் சின்னச் சின்னப் படிகளைப் பார்த்தால் காரணம் இதுதான்.

இதிலிருந்து ஒரு விநோதம் பிறக்கிறது. புதிய டிவிடெண்ட் வரும்போதெல்லாம் பழைய விலைகள் முழுவதும் மறுபடி மாறும். ஆகவே போன வருடம் இறக்கிய கோப்பும் இன்று இறக்கிய கோப்பும், ஒரே மூலத்திலிருந்து வந்திருந்தாலும் ஒத்துப்போகாது. இறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைக்காமல் நான் ஒரு வாரம் தேடியிருக்கிறேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சரி, எதை நம்புவது? அது நாம் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. ஆகஸ்ட் 31 அன்று முடிவு விலை 129.04. சரிக்கட்டாத விலையோடு ஒப்பிட்டால் பங்கு ஒரே நாளில் 74 சதவீதம் சரிந்துவிட்டது போலத் தெரியும். சரிக்கட்டியதோடு ஒப்பிட்டால் 3.4 சதவீத ஏற்றம், அதுதான் முதலீட்டாளர் கண்டது. லாப நட்டம் பார்க்கச் சரிக்கட்டிய விலை வேண்டும். மாறாக, அன்றைக்குக் கையிலிருந்த பணத்துக்கு எத்தனை பங்கு கிடைத்திருக்கும் என்று கணக்குப் போடச் சரிக்கட்டாத விலைதான் உதவும். 1980-இல் ஆப்பிள் முதன்முதலாகப் பங்கு வெளியிட்டது 22 டாலருக்கு. அதன் பிறகு நடந்த ஐந்து பிரிப்புகளும் சேர்ந்து ஒரு பங்கை 224 ஆக்கியிருப்பதால், சரிக்கட்டிய விலை பத்து சென்ட்டுக்கும் சற்றுக் குறைவு. 'ஐந்து டாலருக்குக் கீழே உள்ள பங்குகளை ஒதுக்கு' என்று ஒருவர் இந்தத் தரவில் விதி போட்டால், அன்று மலிவாக இல்லாத பங்கு வெளியே போய்விடும். அதோடு இரண்டு தசமத்துக்குச் சுருக்கும் மூலத்தில் அந்த 9.8 சென்ட் 10 சென்ட் ஆகிறது. சுருக்கியதாலேயே 2 சதவீதப் பிழை. மேலே உள்ள நிரலில் நான் வைத்த 0.001 என்ற எல்லை அங்கே வீண் எச்சரிக்கைகளாகக் கொட்டும்.

இனி உண்மையான பிழைகள். அவை விகிதத்தில் வேறு உருவத்தில் தெரியும்: ஒரு நாள் மட்டும் முள்போல எழும்பி, மறுநாள் பழைய இடத்துக்கே வந்துவிடும். ஒரு மூலம் 50.20, 50.35, 5.04, 50.60 என்கிறது, மற்றது மூன்றாம் நாளுக்கு 50.41 என்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்காக விழுந்த விலை அடுத்த நாளே திரும்பி எழுந்து நிற்பது நடக்காத காரியம். அந்த நாளின் குறைந்தபட்ச விலை 50-க்கு அருகே பதிவாகியிருந்தால் தீர்ப்பே முடிந்தது, முடிவு விலை குறைந்தபட்சத்துக்குக் கீழே போக முடியாது. தசமப்புள்ளி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். லண்டன் பங்குகளில் நூறு மடங்கு வித்தியாசம் வந்தால், ஒரு மூலம் பவுண்டிலும் மற்றது பென்ஸிலும் எழுதுகிறதா என்று பார்க்க வேண்டும்.

சத்தம் போடாத பிழையும் உண்டு. விலை கிடைக்காத நாளில் சில மூலங்கள் முந்தைய நாள் விலையையே நகலெடுத்து நிரப்பிவிடும். தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு நான்கும் ஒரே எண்ணாகவும் வால்யூம் பூஜ்யமாகவும் இருந்தால் அந்த வரியை நம்ப வேண்டாம்.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் பிடிபடாமல், ஓரிரு சென்ட் வித்தியாசம் மட்டும் மிஞ்சும் நாள்கள் இருக்கும். அங்கே பெரும்பாலும் 'முடிவு விலை' என்ற சொல்லின் பொருளே வேறுபடுகிறது: ஒருவர் சந்தையின் இறுதி ஏலத்தில் முடிவான விலையை எடுக்கிறார், இன்னொருவர் எந்தச் சந்தையிலாவது கடைசியாக நடந்த வர்த்தகத்தை எடுக்கிறார். இதைத் திருத்த வேண்டியதில்லை. ஒன்றைத் தேர்ந்து முழுக்க அதையே பயன்படுத்தினால் போதும்.

மூன்றாவது மூலத்தைக் கூப்பிட்டுப் பெரும்பான்மையை ஏற்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மூன்றும் தனித்தனியாகத் தரவு சேகரித்தால் சரி. ஆனால் பல மூலங்கள் ஒரே மொத்த விற்பனையாளரிடம் தரவு வாங்குகின்றன. இரண்டு மூலங்களில் ஒரே நாளில், ஒரே எண்ணாக, ஒரே பிழை இருந்தால் அவற்றை ஒரு சாட்சியாகவே எண்ண வேண்டும். அந்த நிலையில் பங்குச் சந்தை வெளியிட்ட அன்றைய விலைப்பட்டியலையும் நிறுவனத்தின் அறிவிப்பையும் நேரடியாகத் திறந்து பார்ப்பேன். பார்த்த முடிவைத் தேதியோடும் காரணத்தோடும் தனிப் பட்டியலில் எழுதுவேன். மூலத்தின் எண்ணை அழிக்க மாட்டேன், ஏனென்றால் அடுத்த முறை தரவை இறக்கும்போது அந்தப் பிழை மீண்டும் வரும், அல்லது அவர்களே திருத்தியிருப்பார்கள்; இரண்டில் எது நடந்தது என்று சொல்ல அந்தப் பழைய எண் வேண்டும்.