முட்டி வீங்கின குழந்தைக்கு கண்ணு டெஸ்ட் எதுக்கு?

நான் கொழிஞ்சாம்பாறைக்காரி, தினமும் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கோயமுத்தூர்ல ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போறேன், கண் டெஸ்ட் பண்றதுதான் வேலை. எங்க தெருவுல ஒரு குட்டிப்பொண்ணு, மூணரை வயசு. காலைல எந்திரிச்சா இடது கால் நொண்டும், ஒரு மணி நேரம் போனா சரியாயி ஓடிட்டு இருக்கும். முட்டி கொஞ்சம் உப்பி இருந்துச்சு, ஆனா அழுகை இல்லை. விழுந்திருப்பான்னு நெனச்சு ஒரு மாசம் முறிவெண்ணெய் போட்டுத் தேச்சாங்க. ஒண்ணரை மாசம் ஆயும் வீக்கம் போகலைன்னதும்தான் குழந்தை டாக்டர்கிட்ட போனாங்க. சின்னப் புள்ளைங்களுக்கு வர்ற ஆர்த்ரைட்டிஸ், ஜேஐஏன்னு சொல்லுவாங்க, அதுதான் அது. ஒரே ஒரு மூட்டுதான், தன் உடம்பு செல்லையே எதிர்க்குற ஆன்டிபாடி ரத்தத்துல இருக்கான்னு பார்க்குற ஏஎன்ஏ டெஸ்ட் பாசிட்டிவ். சீட்டுல கடைசி வரியில "மூணு மாசத்துக்கு ஒருக்கா கண் ஸ்லிட் லேம்ப் செக்கப்"னு எழுதியிருந்துச்சு.

அவங்கம்மா அதைக் காட்டி, "ஏனுங்க்கா, முட்டிக்குத்தானே மருந்து, கண்ணுல ஒண்ணும் இல்லீங்களே, எதுக்கு இது?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான்.

உடம்போட எதிர்ப்பு சக்தி தன் மூட்டையே எதிரின்னு நெனச்சுத் தாக்குறதுதான் இந்த ஆர்த்ரைட்டிஸ். அதே தப்பை சில குழந்தைங்களுக்கு கண்ணுக்குள்ளயும் பண்ணும், கண்ணு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்குற கருவிழிக்குப் பின்னாடி, நிறமா தெரியற ஐரிஸ் படலத்துலயும் அதையொட்டி கண்ணுக்குள்ள தண்ணி சுரக்குற சதைலயும் அழற்சி வரும், அதுக்குப் பேரு யூவியைட்டிஸ். இந்த ஆர்த்ரைட்டிஸ் உள்ள குழந்தைங்கள்ல பத்துல ஒண்ணு, ரெண்டு பேருக்கு இது வருது. ரொம்ப சின்ன வயசுல ஆரம்பிச்சது, நாலு மூட்டுக்குள்ள நிக்கறது, ஏஎன்ஏ பாசிட்டிவ், இதெல்லாம் சேர்ந்திருந்தா வாய்ப்பு ஜாஸ்தி. எங்க தெருப் பொண்ணுக்கு மூணுமே இருந்துச்சு.

பெரியவங்களுக்கு திடீர்னு வர்ற யூவியைட்டிஸ் வேற மாதிரி, கண்ணு செவந்து, வலிச்சு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாம அன்னிக்கே ஓடி வந்துருவாங்க. குழந்தைங்களுக்கு வர்ற இது மெதுவா, அடங்கின சூட்டுல புகையற உமி மாதிரி, வெளியில ரத்தக்குழாய் விரியறதில்லை, அதனால கண்ணு வெள்ளை வெளேர்னுதான் இருக்கும், வலியும் இருக்காது. ஒரு கண்ணு கொஞ்சம் மங்கினாலும் இன்னொரு கண்ணு சமாளிச்சுக்கும், மூணரை வயசுப் புள்ளைக்கு மங்கலா தெரியுதுன்னு சொல்லவும் தெரியாது. டார்ச் அடிச்சுப் பார்த்தாலும் தெரியாது. ஸ்கூல் கேம்ப்ல எழுத்து படிக்க வெச்சாலும் ஆரம்பத்துல பாஸ் ஆயிரும்.

அப்ப எப்படிப் பிடிக்கறது? எங்க பழைய ஓட்டு வீட்டுல நடுவுல ஒரு கண்ணாடி ஓடு இருக்கும், அதுவழியா வெயில் கம்பி மாதிரி இறங்கும்போது மட்டும் தூசி பறக்கறது தெரியும், லைட்டை எல்லாம் போட்டுட்டா அதே தூசி கண்ணுக்குத் தெரியாது. ஸ்லிட் லேம்ப் பண்றது அதேதான். ரூமை இருட்டாக்கி, ஒரு மில்லிமீட்டர் அகலம் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு சின்ன ஒளிக்கம்பியை கருவிழிக்கும் ஐரிஸுக்கும் நடுவுல இருக்குற தண்ணிக்குள்ள சாய்வா விட்டு, மைக்ராஸ்கோப்ல பார்க்கணும். நல்ல கண்ணுல அந்த இடம் கும்மிருட்டா இருக்கும். அழற்சி இருந்தா ரத்தக்குழாய் கசிஞ்சு வெள்ளை அணுக்கள் வந்து மிதக்கும், தூசி மாதிரியே மின்னும். ஐரிஸ் பக்கம் சூடு, கருவிழிப் பக்கம் வெளிக்காத்து பட்டுக் குளிர்ச்சி, அதனால தண்ணி பின்னாடி மேல ஏறி முன்னாடி கீழ இறங்கிட்டே இருக்கும், அணுக்களும் அதோட சுத்தும். பார்க்க அழகாத்தான் இருக்கும், அதான் கொடுமை.

அந்த ஒரு சதுரத்துல எத்தனை அணுன்னு எண்ணணும். ஆறுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும் 1 ப்ளஸ், பதினாறுலேர்ந்து இருபத்தஞ்சு 2 ப்ளஸ், இப்படிப் போகும். ஐரிஸ் நடுவுல இருக்குற கண்ணு பாப்பா விரியற சொட்டு போடறதுக்கு முன்னாடியே எண்ணிடணும், அந்தச் சொட்டு ஐரிஸ்லேர்ந்து நிறமித் துகளை உதிர்த்து கணக்கைக் குழப்பும். குழந்தை தாடையை வெச்சு பத்து செகண்டு ஆடாம உக்காந்தா போதும், அம்மா மடியில உக்கார வெச்சு, சுவத்துல கார்ட்டூன் ஓட்டித்தான் நாங்க பண்றோம். சுத்தமா உக்காராத குழந்தைக்கு கையில பிடிக்கற சின்ன ஸ்லிட் லேம்ப் இருக்கு, அதுல கொஞ்சம் அணு இருந்தா தவறிப்போகவும் வாய்ப்பு உண்டு.

முதல் செக்கப்புல ரெண்டு கண்ணும் சுத்தம். முட்டிக்குள்ள ஊசி போட்டாங்க, வீக்கம் வத்திருச்சு, பொண்ணு தாவிக் குதிச்சு ஓடுறா, அதனால அடுத்த செக்கப்பை விட்டுட்டாங்க, நடவு நேரம் வேற. நிறைய பேர் தவறுறது இங்கதான். முட்டியும் கண்ணும் சேர்ந்து ஏறி சேர்ந்து இறங்கறதில்லை, முட்டி அடங்கியிருக்கும்போது கண்ணுல ஆரம்பிக்கலாம், ரத்த டெஸ்ட் நார்மலா இருந்தாலும் வரலாம். ஏழு மாசம் கழிச்சு வந்தா. கண்ணு வெள்ளை, படம் காட்டிப் பார்த்ததுல பார்வை 6/9, அந்த வயசுக்கு மோசம்னு சொல்ல முடியாது. ஸ்லிட் லேம்ப்ல வலது கண்ணுல இருபது அணு. பாப்பா விரிய சொட்டு விட்டா வட்டமா விரியாம கீழ ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு பேரிக்காய் மாதிரி நின்னுச்சு, ஐரிஸ் பின்னாடி லென்ஸோட ஒட்டிப்போச்சு. சுத்திலும் ஒட்டிட்டா தண்ணி முன்னாடி வர வழியில்லாம கண்ணுக்குள்ள பிரஷர் ஏறும். அதையும் தாண்டி விட்டா கேட்டராக்ட், கருவிழிக்குக் குறுக்கால சுண்ணாம்பு படிஞ்ச வெள்ளைப் பட்டை. வீட்ல யாராச்சும் "கண்ணுல ஏதோ வெள்ளையா இருக்கே"ன்னு கண்டுபிடிக்கறது அந்தக் கட்டத்துலதான்.

அன்னிக்கே ஸ்டீராய்டு சொட்டு ஆரம்பிச்சாங்க, முழிச்சிருக்கற நேரம் பூரா மணிக்கு ஒருக்கா, கூடவே பாப்பாவை விரிச்சு வெக்கற சொட்டு, ஒட்டினது பிரிய. ரெண்டாவது வாரம் எட்டு அணு, ஆறாவது வாரம் ரெண்டு. ஒட்டு முக்கால்வாசி பிரிஞ்சுது, ஒரு மூலைல நின்னுருச்சு. ஸ்டீராய்டு சொட்டையே வருஷக்கணக்கா ஓட்ட முடியாது, அதுவே கேட்டராக்டும் பிரஷரும் கொண்டு வரும், அதனால சொட்டைக் கொறச்சா திரும்ப ஏறுதுன்னதும் எதிர்ப்பு சக்தியை அடக்குற மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை வாரம் ஒருக்கா கொடுத்தாங்க. வாரம் ஒருக்காங்கறதை மட்டும் காலண்டர்ல வட்டம் போட்டு வெக்கச் சொன்னேன், தினமும் கொடுத்தா விஷம். இதுக்கும் அடங்கலைன்னா அடாலிமுமாப்னு ஊசி இருக்கு, மெத்தோட்ரெக்ஸேட்டோட அதைச் சேர்த்தா பலன் உண்டுன்னு 2017ல ஒரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டுச்சு.

மூணு மாசம்ங்கற கணக்கும் இதுலதான் இருக்கு. அணு மிதக்க ஆரம்பிச்சதுக்கும் ஒட்டு விழறதுக்கும் நடுவுல கொஞ்ச நாள் கெடைக்கும், அந்த இடைவெளிக்குள்ள ஒருதடவையாவது லைட் உள்ள போகணும். பெரும்பாலும் ஆர்த்ரைட்டிஸ் ஆரம்பிச்ச முதல் நாலு வருஷத்துக்குள்ளதான் வரும், அதனால இந்தப் பொண்ணு மாதிரி ஏழு வயசுக்குள்ள ஆரம்பிச்ச, ஏஎன்ஏ பாசிட்டிவ் குழந்தைங்களுக்கு அதுவரைக்கும் மூணு மாசம், ஆபத்து கம்மியான வகைக்கு ஆறு மாசம் இல்ல ஒரு வருஷம். ஏற்கனவே வந்தவங்களுக்கு சொட்டைக் கொறச்ச ஒவ்வொரு தடவையும் ஒரு மாசத்துக்குள்ள, மாத்திரை, ஊசியைக் கொறச்சா ரெண்டு மாசத்துக்குள்ள பார்க்கணும்.

இப்ப அவளுக்கு அஞ்சு வயசு. போன வாரம் வந்தா, ரெண்டு கண்ணுலயும் ஜீரோ. தாடையை அவளே வெச்சுக்கறா, கார்ட்டூன் வேண்டாம்னுட்டா, "மாமி, இன்னிக்கு எத்தனை தூசி?"ன்னுதான் கேட்டா.