தொட்டியில் கசடு படியாமல் போனால்

மதுரையில் அடுக்குமாடிகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பார்த்துக்கொடுக்கிற எனக்கு அடிக்கடி காதில் விழுவது, "பாக்டீரியா செத்துப்போச்சு மேடம்" என்பதுதான். வீட்டுக் கழிவுநீர் மட்டும் வரும் தொட்டியில் அப்படிச் சாவது அபூர்வம். யாராவது ஆசிட்டையோ பிளீச்சிங் பவுடரையோ மொத்தமாகக் கொட்டியிருந்தால் ஒழிய நடக்காது. பெரும்பாலும் நடப்பது வேறு. ஒரு வகை பாக்டீரியா ஒடுங்க, இன்னொரு வகை தொட்டியைப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு மருந்தும் வேறு.

நத்தம் சாலைப் பக்கம் நூறு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 60,000 லிட்டர் கழிவுநீர். காற்றூட்டத் தொட்டியின் கொள்ளளவும் அதே 60,000 லிட்டர்தான், அதாவது தண்ணீர் ஒரு நாள் முழுக்க உள்ளே நின்று போகும். சுத்திகரித்த தண்ணீர் ஃபிளஷுக்கும் தோட்டத்துக்கும் போகிறது. சில வாரங்களாக அது கலங்கலாக வந்ததால், விற்பனையாளர் ஒருவர் பேச்சைக் கேட்டு பாக்டீரியா பவுடர் பாக்கெட்டுகளைத் தொட்டியில் கரைத்திருக்கிறார்கள். ஒன்றும் மாறவில்லை. என்னை அழைத்தபோது கசடு படியவேண்டிய தொட்டியின் விளிம்பு வழியாகப் பழுப்புத் தூசி மாதிரி கசடு வழிந்துகொண்டிருந்தது.

அந்தப் பவுடரால் ஏன் பயனில்லை என்பதற்குத் தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் கழிவுநீரைப் பாட்டிலில் எடுத்துக் காற்று ஊதிப் பார்த்தார்கள். முதல் முறை முழுதாகச் சுத்தமாக ஐந்து வாரம் ஆனது. பிறகு அடியில் படிந்த கசடைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு, மேல் தண்ணீரை மட்டும் வடித்து, புதுக் கழிவுநீரை ஊற்றித் திரும்பத் திரும்ப ஊதினார்கள். கசடு கூடக் கூட அதே வேலை ஒரு நாளுக்குள் முடிந்தது. (அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த ஃபௌலர் பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்தார் என்பது இங்கே பலருக்குத் தெரியாது.)

ஆக, முறையின் உயிர் இரண்டு விஷயங்களில் இருக்கிறது. பாக்டீரியா அழுக்கைத் தின்ன வேண்டும். தின்ற பிறகு ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகிக் கீழே படிய வேண்டும். படிந்தால்தான் தண்ணீரைத் தனியே பிரித்துவிட்டு, கசடைப் பம்ப் வைத்து மறுபடி காற்றூட்டத் தொட்டிக்கு அனுப்ப முடியும். தனித்தனியாக மிதக்கும் பாக்டீரியா எவ்வளவு நன்றாகத் தின்றாலும் தண்ணீரோடு வெளியே போய்விடும். பாக்கெட்டில் வந்தவற்றின் கதியும் இதுதான். அந்தக் குடியிருப்பின் தொட்டியில் உலர் எடையில் 180 கிலோ கசடு இருந்தது. அதற்குள் ஒரு கிலோ பவுடரிலிருந்து வந்தவை இடம்பிடித்து ஒட்டிக்கொள்வது கடினம்.

திரளுக்குள் இருப்பது ஒரே இனம் அல்ல. சோப்பு, எண்ணெய், மலம், சோற்றுக் கஞ்சி என்று கரிமப் பொருளைத் தின்பவைதான் பெரும்பான்மை. அவை வேகமாகப் பெருகும். தம்மைச் சுற்றிப் பசை மாதிரி ஒன்றைச் சுரந்து திரளைக் கட்டுவதும் அவைதான். அமோனியாவை நைட்ரைட்டாக்கும் நைட்ரோசோமோனாஸ், அதை நைட்ரேட்டாக்கும் நைட்ரோஸ்பைரா போன்றவை இன்னொரு கூட்டம். இவை மெதுவாக வளர்பவை, காற்றும் நிறையக் கேட்பவை: ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க நாலரை மில்லிகிராம் ஆக்ஸிஜன் வேண்டும். இந்தப் பாக்டீரியாவை மேய்ந்து தண்ணீரைத் தெளியவைப்பவை வார்ட்டிசெல்லா மாதிரி தண்டோடு நிற்கும் ஒற்றைச் செல் உயிரிகள். கடைசியாக, நூல் போல நீளும் பாக்டீரியா. இவை கொஞ்சம் இருந்தால் நல்லது, திரளுக்கு எலும்பு மாதிரி நிற்கும். கூடிவிட்டால்தான் வம்பு.

ஆக்ஸிஜன் குறையும்போது உருண்டைத் திரளின் உள்ளே இருப்பவற்றுக்கு அது போய்ச் சேருவதில்லை. நூல் பாக்டீரியாவோ திரளை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு, இருக்கிற கொஞ்சத்தையும் முதலில் எடுத்துக்கொள்ளும். ஸ்ஃபெரோடிலஸ் இதில் பேர்போனது. நாள்பட நூல்கள் தேங்காய் நார் மாதிரி நாலாபக்கமும் துருத்தி நிற்க, திரள்கள் நெருங்கிப் படிய முடியாமல் பஞ்சாக மிதக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், நூல் பாக்டீரியாவும் அழுக்கை நன்றாகவே தின்னும். அதனால் கசடுக்கு மேலே நிற்கும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், கசடு மட்டும் இறங்காது.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் காற்றூட்டத் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, அசைக்காமல் அரை மணி நேரம் வைத்தால் போதும். அன்று கசடு 850 மில்லியில் நின்றுவிட்டது. லிட்டருக்கு 3 கிராம் கசடு இருந்ததால், ஒரு கிராம் கசடு பிடித்துக்கொள்ளும் இடம் 850-ஐ 3-ஆல் வகுத்தால் 283 மில்லி. இதைத்தான் எஸ்.வி.ஐ. என்கிறோம். நல்ல கசடில் இது 100-லிருந்து 120-க்குள் இருக்கும். 150-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

"கசடு கூடிப்போச்சு மேடம், லாரிய வரச்சொல்லி அள்ளிட்டா சரியாயிரும்ல?" என்று கேட்டார் ஆபரேட்டர் தம்பி. நியாயமான கேள்விதான். கசடு அளவுக்கு மீறிச் சேர்ந்தாலும் நெரிசலில் இறங்காமல் நிற்கும். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. அதே தண்ணீரோடு, தெளிந்த தண்ணீரைச் சரிபாதி கலந்து மறுபடி அரை மணி நேரம் வைத்தோம். நெரிசல்தான் காரணம் என்றால் பாதியைவிட வெகுவாகக் கீழே இறங்கியிருக்கும். 410 மில்லியில் நின்றது, ஏறக்குறைய சரிபாதி. கசடே உப்பிப் போயிருக்கிறது என்று அர்த்தம். மைக்ரோஸ்கோப்பில் திரளுக்குத் திரள் பாலம் போட்டது மாதிரி நூல்கள் தெரிந்தன. வார்ட்டிசெல்லாவைத் தேட வேண்டியிருந்தது.

அந்த நிலையில் லாரியில் அள்ளியிருந்தால், மெதுவாக வளரும் அமோனியாக் கூட்டமும் சேர்ந்து போயிருக்கும். வெளியே வரும் தண்ணீரில் அமோனியா நைட்ரஜன் ஏற்கெனவே லிட்டருக்கு 28 மில்லிகிராம் இருந்தது. அந்தக் கூட்டம் பாதிக்கு மேல் முடங்கிக் கிடந்தது.

அப்புறம் காற்றுக்கு வந்தோம். பகல் இரண்டு மணிக்கு மீட்டரை விட்டால் கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 1.8 மில்லிகிராம். பரவாயில்லை. ஆபரேட்டரிடம் மீட்டரைக் கொடுத்து ராத்திரியும் விடியற்காலையும் எடுக்கச் சொன்னேன். நள்ளிரவு பூஜ்யம். காலை ஆறு மணிக்கு 0.3. பதினோரு மணி வரை 1-ஐத் தொடவில்லை. காரணம் கேட்டால் தயங்கித் தயங்கிச் சொன்னார்: கீழ்த்தள வீட்டுக்காரர்கள் தொட்டிக்குக் காற்று ஊதும் பிளோயர் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று புகார் சொன்னதால், இரவு பத்திலிருந்து ஐந்து வரை டைமர் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். கரண்ட் பில்லும் குறைந்ததால் சங்கத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். எங்கள் மாதிரி ஆட்கள் பகலில் வந்து அளந்துவிட்டுப் போனால் இது எப்போதும் தெரியாது.

ஏழு மணி நேரம் மூச்சில்லாமல் கிடந்த தொட்டிக்கு, நூறு வீட்டுக் குளியலும் கழிப்பறையும் சேர்ந்து வரும் காலை ஆறு முதல் ஒன்பது மணிதான் மிகக் கனமான நேரம். அந்த நேரத்தில் நூல் பாக்டீரியாவைத் தவிர யாருக்கும் லாபமில்லை. கழிவுநீர் முதலில் சேரும் தொட்டிக்கும் அதே பிளோயர்தான் காற்று. அதுவும் இரவில் அழுகி, அழுகின முட்டை வாடையோடு உள்ளே வந்தது. அந்த வாடைக்குக் காரணமான கந்தகத்தைத் தின்று வளரும் நூல் பாக்டீரியாவும் உண்டு. அவற்றுக்கு இது விருந்து. போதாததற்கு நம் ஊர் வெயில். 15 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்ஸிஜனைக் கரைத்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். பாக்டீரியாவின் பசியோ வெயிலில் கூடும்.

செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பிளோயருக்கு ஒலி அடக்கும் கூண்டும், அடியில் ரப்பர் தாங்கிகளும் போட்டு, இரவு முழுக்க ஓடவைத்தோம். தொட்டி அடியில் காற்றைக் குமிழியாக விடும் டிஃபியூசர்கள் உப்புப் படிந்து அடைத்திருந்தன, அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். திரும்பி வரும் கசடில் குளோரின் கலந்து, வெளியே நீட்டிய நூல்களை மட்டும் எரிக்கும் முறை உண்டு. பெரிய நிலையங்களில் ஆய்வகத்தை வைத்துக்கொண்டு செய்யலாம். ஒரே ஒரு தொட்டியும் ஒரே ஒரு ஆபரேட்டரும் உள்ள இடத்தில் அளவு தவறினால் எல்லாமே எரிந்துவிடும் என்பதால் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

கசடு கழிக்கும் கணக்கை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. தினமும் உள்ளே வருகிற 15 கிலோ அளவு அழுக்கிலிருந்து ஏழு, ஏழரை கிலோ புதுக் கசடு உருவாகும். அதே அளவைத் தினமும் வெளியேற்றினால் தொட்டியில் கசடின் வயது இருபத்து நான்கு நாள் அளவில் நிற்கும், அமோனியாக் கூட்டத்துக்கு அது தாராளம். நன்றாகப் படியும் கசடு என்றால் இந்த ஏழரை கிலோ சுமார் ஆயிரம் லிட்டரில் அடங்கும். உப்பின கசடு லிட்டருக்கு மூன்றரை கிராமுக்கு மேல் கெட்டிப்படாது, அதனால் இரண்டாயிரத்துக்கும் மேல் வெளியேற்ற வேண்டியிருந்தது. ஆபரேட்டர் பழைய கணக்கிலேயே ஆயிரம் எடுத்து வந்ததால் மிச்சம் விளிம்பு வழியாகத் தானே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மூன்றாவது வாரத்தில் அமோனியா 5-க்குக் கீழே வந்தது. குடுவைக் கசடு இறங்க அதைவிட நாளானது. பழைய நூல் கசடு மெல்ல மெல்ல வெளியேறித்தான் ஆக வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் 390 மில்லிக்கு வந்து, எஸ்.வி.ஐ. 130 ஆனது.

அப்போது ஆபரேட்டரிடமிருந்து மறுபடி போன். "திரும்ப மேல வந்துருச்சு மேடம், கட்டி கட்டியா மிதக்குது!" மத்தியானத்தில் படிவுத் தொட்டியில் அப்பளம் அப்பளமாகக் கசடு எழும்பியிருந்தது. குடுவையில் பார்த்தால் அரை மணியில் அழகாகப் படிந்து, ஒன்றரை மணி நேரம் கழித்து அப்படியே மேலே கிளம்பியது. கிளறினால் குமிழி விட்டு மறுபடி இறங்கியது. இது வேறு சங்கதி. அமோனியா இப்போது நைட்ரேட்டாக மாறுகிறது. படிவுத் தொட்டியின் அடியில் காற்றில்லாமல் கிடக்கும் பாக்டீரியா அந்த நைட்ரேட்டிலிருந்து ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக விடுகிறது. அந்தக் குமிழி கசடைத் தூக்குகிறது. உப்பும் கசடுக்கும் எழும்பும் கசடுக்கும் வெளியே தெரிவது ஒன்றுதான், மருந்து வேறு. திருப்பி அனுப்பும் பம்ப்பின் ஓட்டத்தைக் கூட்டி, கசடு அடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தங்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

சங்கச் செயலாளருக்கு கரண்ட் பில் கவலை போகவில்லை. அதற்கும் இந்த நைட்ரேட்டிலேயே வழி இருந்தது. வரத்து குறைவாக இருக்கும் மதியத்திலும் நள்ளிரவுக்கு மேலும், காற்றூட்டத் தொட்டியின் வால்வை மட்டும் முப்பது, நாற்பது நிமிடம் அடைத்துத் திறக்கிறோம். முதல் தொட்டிக்குக் காற்று நிற்காது. பிளோயருக்கு வேகக் கட்டுப்படுத்தி போட்டிருப்பதால் அந்த நேரம் அது மெதுவாக ஓடுகிறது. நைட்ரேட் காற்றூட்டத் தொட்டியிலேயே வாயுவாகிப் போகிறது, படிவுத் தொட்டியில் மிதப்பு குறைகிறது. மிச்சப்படுவது பழைய ஏழு மணி நேரத்தில் ஒரு பங்குதான். விடியற்காலை நான்கு முதல் பத்து வரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் காற்றை அடைக்கக் கூடாது என்று பேனலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.