தூண்டில் மின்னஞ்சல்: ஒரு சொல் விளக்கம்

போன மாதம் ஹட்டனில் ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். சுவரில் மூன்று மொழியிலும் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். அதன் தமிழ்ப் பகுதி, ‘மீன்பிடி மின்னஞ்சல்களைத் திறப்பதைத் தவிர்க்கவும்’ என்று தொடங்கியது. எனக்கு முன்னால் நின்ற அம்மா காசல்ரீ பக்கத்துத் தோட்டத்துக்காரர். அதை இரண்டு தரம் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “தம்பி, டேம்ல மீன் புடிக்க இனிமே லைசன் எடுக்கணுமா?” என்று கேட்டார். அவர் மகன் அங்கே தூண்டில் போடுகிறவனாம். அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. எழுதியிருந்ததைத்தான் வாசித்தார். அறிவித்தல் சொல்ல வந்தது மீனைப் பற்றி அல்ல, ஆளை ஏமாற்றிக் கடவுச்சொல்லையும் அட்டை எண்ணையும் பறிக்கும் ‘ஃபிஷிங்’ மின்னஞ்சல்களைப் பற்றி.

‘ஃபிஷிங்’ என்ற சொல் 1990களின் நடுவில் அமெரிக்காவில் பிறந்தது. அமெரிக்கா ஒன்லைன் நிறுவனத்தின் இணையச் சேவையில் இருந்தவர்களுக்கு நிறுவனத்தின் ஆள்போலவே செய்தி அனுப்பி, கடவுச்சொல்லைப் பறித்தவர்கள் வைத்த பெயர் அது. ஒலி மீன்பிடித்தலின் ஒலிதான், எழுத்து மட்டும் வேறு. அதற்கு முந்திய தலைமுறையில் தொலைபேசி இணைப்புகளை ஏமாற்றிப் பேசிய கூட்டத்தார் தங்கள் தொழிலை ‘ஃப்ரீக்கிங்’ என்றார்கள். ‘f’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ph’ என்ற முதலெழுத்துகளை அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த எழுத்து வேறுபாடு ஆங்கிலம் வாசிப்பவருக்கு இது மீன் சமாசாரம் இல்லை என்று காட்டிவிடும். தமிழில் ‘மீன்பிடி’ என்று பெயர்த்தவுடன் அந்தக் குறிப்பு போய்விடுகிறது, மீன் மட்டும் மிஞ்சுகிறது.

சரி, ‘மீன்பிடி’ பிழை என்று சொன்னால் பலர் உடனே நீட்டுவது ‘வலைவீச்சு’. இதுதான் எனக்குக் கூடுதல் வருத்தம், ஏனென்றால் இதை யோசித்துத்தான் செய்கிறார்கள். பத்திரிகையைத் திறந்து பாருங்கள். ‘தப்பியோடிய சந்தேகநபருக்குப் பொலிஸார் வலைவீச்சு.’ நம் செய்தித் தமிழில் வலைவீசுகிறவர் பொலிஸ்காரர், வலையில் சிக்க வேண்டியவன் திருடன். அதே சொல்லைத் திருடனின் வேலைக்குக் கொடுத்தால் வாசிப்பவர் யார் பக்கம் நிற்பது? இன்னொன்று, வலை என்றால் இணையம் என்றும் ஆகிவிட்டது. வலைத்தளம், வலைப்பக்கம் எல்லாம் பழகிவிட்ட பிறகு ‘வலைவீச்சு’ ஏதோ இணையச் சேவையின் பெயர்போலத்தான் காதில் விழும்.

எல்லாவற்றையும் விட, வலைக்கும் தூண்டிலுக்கும் வேலை வேறு. வலையில் மீன் ஒன்றும் செய்யாமலே மாட்டும். தூண்டிலில் மீன் தானாக வந்து கவ்வ வேண்டும். இந்த மோசடியும் அப்படித்தான். மின்னஞ்சல் வந்து சேர்ந்ததால் மட்டும் காசு போவதில்லை. நாம் இணைப்பைத் தொட்டு, நம் கையாலேயே அட்டை எண்ணை எழுதிக் கொடுத்தால்தான் போகும்.

தூண்டில் என்ற பெயரே ‘தூண்டு’ என்ற வினையிலிருந்து வந்தது. இரையைக் காட்டி ஆசையைத் தூண்டுவது, அவசரத்தைத் தூண்டுவது, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. சூதில் வெல்வதையே ‘தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று’ என்கிறது குறள். வென்ற பணம் இரை, உள்ளே முள். ஏமாற்றைச் சொல்ல அன்றைக்கே பயன்பட்ட உவமை கையில் இருக்கும்போது ‘மீன்பிடி’யை ஏன் கட்டி அழ வேண்டும்? தூண்டில் மின்னஞ்சல், தூண்டில் குறுஞ்செய்தி, பொதுவாகச் சொன்னால் தூண்டில் மோசடி. ‘ஃபிஷிங்’ என்று அப்படியே எழுதுவதையும் நான் பொறுத்துக்கொள்வேன். தெரியாத சொல் என்றால் ஆள் கேட்டாவது தெரிந்துகொள்வார். தவறாகத் தெரிந்த சொல்லை யாரும் கேட்பதில்லை.

இந்தச் சொல் சரியாகப் பொருந்துவதை ஒரு படத்தில் காட்டுகிறேன். தலவாக்கலையில் இருக்கும் சித்தி மகள் தனக்கு வந்த மின்னஞ்சல் ஒன்றின் ஸ்கிரீன்ஷொட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “அண்ணா, இது உண்மையா?” என்று கேட்டாள். அவளுக்கு ஒரு பார்சல் வந்து நிற்கிறதாம், 185 ரூபாய் கட்ட வேண்டுமாம், 24 மணி நேரம் தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். மேலே அரசு நிறுவனம் ஒன்றின் பெயர். கீழே நீல நிறத்தில் ‘இங்கே கட்டவும்’.

அந்த ஒரு படத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. போனில் அனுப்பியவர் இடத்தில் தெரிவது அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர். அங்கே யாரும் எதையும் எழுதலாம். அதனால் இன்னும் இரண்டு படம் கேட்டேன். பெயருக்குக் கீழே இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தொட்டு, முழு முகவரி தெரிய ஒன்று. நீல எழுத்தைத் தட்டாமல், விரலை அப்படியே அழுத்திப் பிடித்து, மேலெழும் உண்மையான இணைப்பு தெரிய மற்றொன்று. அந்த இணைப்பு இப்படி இருந்தது (யாரும் தொட்டுவிடக் கூடாதென்று `/pay` என்பதற்கு முன்னாலுள்ள துண்டை மட்டும் மாற்றியிருக்கிறேன்):

```
https://gov.lk.parcel-fee.example/pay
```

அவள் `gov.lk` என்பதைப் பார்த்து அரசாங்கம்தானே என்றாள். நம் தோட்டத்து விலாசத்தை நினைத்துக்கொள் என்றேன். லய இலக்கம், பிரிவு, தோட்டம், கடைசியில் ஹட்டன் என்று எழுதுகிறோம். கடிதம் எந்த ஊருக்குப் போகும் என்பதைக் கடைசிப் பெயர்தான் தீர்மானிக்கிறது. இணைப்பிலும் `https://` போக, அடுத்த சாய்கோடு வரைக்கும் உள்ளதைக் கடைசியிலிருந்து வாசிக்க வேண்டும். இங்கே உரிமையாளர் `parcel-fee.example`. முன்னால் நிற்கும் `gov.lk` அவன் தன் வீட்டு வாசலில் எழுதிவைத்த அலங்காரம். அனுப்பியவர் முகவரியிலும் @ குறிக்குப் பின்னால் அதே பெயர்தான் இருந்தது.

பார்சல் இரை, முள் அந்த அட்டைப் பக்கம். 185 ரூபாய்க்காக யாரும் இவ்வளவு பாடுபட மாட்டான். அவனுக்கு வேண்டியது அட்டை எண்ணும், அப்புறம் போனுக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். முகவரி பிழையாக இருந்தால் அது மோசடி என்று சொல்லிவிடலாம். சரியாக இருந்தால் உண்மை என்று சொல்ல முடியாது, அனுப்புநர் முகவரியையும் போலியாக்க முடியும். அதுவும் மின்னஞ்சல் எந்த வழியாக வந்தது என்று காட்டும் உள்தலைப்புகள் ஸ்கிரீன்ஷொட்டில் தெரியாது. சந்தேகம் தீராவிட்டால் இணைப்பைத் தொடாமல், நாமே தளத்தின் பெயரைத் தட்டிப் போய்ப் பார்ப்பதுதான் வழி.

மொழியை வைத்துப் பிடிக்க முடியாதா என்று கேட்கலாம். அந்த மின்னஞ்சலில், ‘கப்பல் கட்டணத்தை உடனடியாக அழிக்கவும்’ என்று ஒரு வரி. ஆங்கிலத்தில் ‘ஷிப்பிங்’ கட்டணத்தை ‘கிளியர்’ பண்ணச் சொன்னது இயந்திரத்தின் கையில் கப்பலாகி அழிந்திருக்கிறது. விசித்திரமான இலக்கணம் மோசடிக்கு அடையாளம் என்று எல்லா இடத்திலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் சித்தி மகளுக்கு அந்த வரி உறுத்தவே இல்லை. “ஒஃபிஸ்ல வர்ற தமிழ் எல்லாம் இப்பிடித்தானே அண்ணா” என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. உண்மையான அறிவித்தலும் ‘மீன்பிடி மின்னஞ்சல்’ என்று வந்தால், மோசடிக்காரனின் தமிழும் அதே நிறுவையில் நிற்கிறது. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வாசிப்பவருக்குக் கிடைக்கும் ஓர் அடையாளத்தை நம் மொழிபெயர்ப்பாளர்கள் நம்மிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இயந்திரம் கொடுத்ததைத் தமிழ் தெரிந்த ஒருவர் ஒரு தரம் வாய்விட்டு வாசித்திருந்தாலே அந்த மீன் வெளியே போயிருக்கும். ஆனாலும் இந்த அடையாளத்தை முழுதாக நம்பவும் வேண்டாம், நல்ல தமிழில் எழுதத் தெரிந்த திருடனும் வருவான்.

மறுபடி அந்த அலுவலகத்துக்குப் போனபோது ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனேன்: ‘தூண்டில் மின்னஞ்சல்கள் வருகின்றன. அதிலுள்ள இணைப்பைத் தொட்டு அட்டை எண்ணையோ கடவுச்சொல்லையோ கொடுக்காதீர்கள்.’ மேசையில் இருந்த பிள்ளை வாங்கி வாசித்துவிட்டு, “இது விளங்குது சேர்” என்றார். மாற்றுவதற்குக் கொழும்பிலிருந்து அனுமதி வர வேண்டுமாம். தாளை எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில், வருகிறவர்கள் பார்க்கும் பக்கமாக வைத்துக்கொண்டார்.