சூட்டில் அளந்த துளை

பெங்களூரு பீன்யாவில் ஒரு சின்ன மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசராக இருக்கும் தர்மபுரி நண்பர் தன்னுடைய மாத ஸ்க்ராப் அறிக்கையை அனுப்பியிருந்தார். "பாதிக்கு மேல் ஆப்பரேட்டர் தவறு என்றே வருகிறது சார். ஆளை மாற்றியும் பார்த்தாச்சு, குறையவில்லை. அறிக்கையை எப்படிப் போட்டால் காரணம் தெரியும்?" என்று கேட்டிருந்தார்.

முதலில் கணக்கு. சிக்கல் ஒரு அலுமினிய ஹவுசிங்கில். வார்ப்பு 420 ரூபாய், லேத் வேலை 100, வி.எம்.சி. என்ற கணினி மெஷினில் துளை குடையும் வேலை 240. தூக்கிப் போட்டால் பழைய அலுமினியமாக 120 திரும்பி வரும். ஆக ஒரு ஸ்க்ராப்புக்கு 640 ரூபாய் நஷ்டம். அந்த மாதம் ஆறு ஸ்க்ராப், 3,840 ரூபாய். அவருடைய அறிக்கை இதோடு முடிந்துவிட்டது.

ஆனால் அதே மாதம் 22 ஜாப்களைத் துளை சிறியது என்று திரும்பவும் மெஷினில் ஏற்றியிருக்கிறார்கள். ஜாப்பைப் பிடித்து, டயல் வைத்து மையம் பார்த்து, மறுபடி குடைய அரை மணி நேரம். மணிக்கு 800 என்றால் ஒன்றுக்கு 400, மொத்தம் 8,800 ரூபாய். இது எந்தக் கட்டத்திலும் இல்லை. மெஷின் ஓடிக்கொண்டே இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. அந்த 22-இல் நான்கு இந்த ரீவொர்க்கில் கெட்டன. அவைதான் 'ஆப்பரேட்டர் தவறு' என்று பதிவானவை. மற்ற இரண்டு ஸ்க்ராப் வார்ப்பில் இருந்த காற்றுப் பொத்தல். நான்கையும் அவை ரீவொர்க்குக்குப் போன காரணத்தின் கணக்கிலேயே சேர்த்தால், 'துளை சிறியது' என்ற ஒரு வரி மட்டும் 11,360 ரூபாய் ஆகிறது.

சரி, துளை ஏன் சிறிதாகிறது? வெட்டும் முனையான இன்செர்ட் தேய்ந்தால் துளை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், புதிது போட்டதும் சரியாகிவிடும். எனவே ஒவ்வொரு ஜாப்புக்கும் குடைந்த நேரத்தையும் இன்செர்ட் மாற்றிய நேரத்தையும் எழுதச் சொன்னேன். காலை ஜாப்கள் எல்லாம் தேறின. பதினொன்றரைக்குப் பிறகு குடைந்தவை தவறின, புது இன்செர்ட் போட்ட பிறகும் தவறின. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் மேஜை மேல் கிடந்து, அப்புறம் அளந்து திருத்திய ஜாப் மட்டும் தேறியது.

அதைப் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். காரணம் வெப்பம்! வெட்டும்போது ஜாப் மேல் ஊற்றும் கூலண்ட் திரவத்தின் தொட்டி சின்னது. காலையில் ஜில்லென்று இருக்கும் கூலண்ட் மதியத்துக்குள் வெதுவெதுப்பாகிறது, கூடவே ஜாப்பும் 38 டிகிரிக்குப் போகிறது. வரைபடத்தில் போடும் அளவு 20 டிகிரியில் இருக்க வேண்டிய அளவு. 1931-இல் உலகம் முழுவதற்கும் ஒப்புக்கொண்ட வெப்பநிலை அது. இன்ஸ்பெக்ஷன் அறை ஏசியில் அதே 20-இல் இருக்கிறது. அலுமினியம் ஒரு மீட்டருக்கு, டிகிரிக்கு 23 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 23 பங்கு, விரியும். துளை 80 மி.மீ., வித்தியாசம் 18 டிகிரி. ஆறினால் 33 மைக்ரான் சுருங்கும். அந்தத் துளைக்கு அனுமதித்த மொத்த இடைவெளியே பூஜ்யத்திலிருந்து +30 மைக்ரான் வரைதான்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. துளையை அளக்கும் போர் கேஜை, அளவு தெரிந்த ஒரு வளையத்தில் வைத்துத்தான் பூஜ்யம் செய்வார்கள். அந்த மாஸ்டர் ரிங் இரும்பு, ஷாப்பில் 28 டிகிரியில் இருக்கிறது. இரும்பு விரிவது அலுமினியத்தில் பாதி, அதனால் ரிங் 7 மைக்ரான் பெரிதாகியிருக்கும். அளவுகோலே கொஞ்சம் வளர்ந்திருப்பதால் நிகரப் பிழை 26 மைக்ரான். ஆப்பரேட்டர் கவனமாக நடுவில், +15-இல் நிறுத்துகிறார். இன்ஸ்பெக்ஷனில் அது −11 ஆகிறது. அவர் அளந்ததில் ஒரு தவறும் இல்லை.

ரீவொர்க் கெடுவதற்கும் விளக்கம் இங்கேயே இருக்கிறது. −11-ஐ +15 ஆக்க, ஒரு பக்கம் 13 மைக்ரான்தான் எடுக்க வேண்டும். இன்செர்ட்டின் வெட்டும் விளிம்பில் இருக்கும் உருட்டலை விட மெல்லிய வெட்டாக இருந்தால் முனை சீவாமல் தேய்த்துக்கொண்டு போகும். ஆழத்தைக் கூட்டினால் திடீரென்று அதிகம் பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை போட்ட ஜாப் தேறாது என்று அங்கே ஒரு பேச்சும் உண்டாம். 'ஆப்பரேட்டர் தவறு' என்ற கட்டமும் கிட்டத்தட்ட அந்த நம்பிக்கை மாதிரிதான் என்பது என் கருத்து. அதை நிரப்பியதும் யாரும் மேலே கேட்பதில்லை. துமகூரு சாலையில் 1962 முதல் சி.எம்.டி.ஐ. என்ற மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. சின்ன ஷாப்கள் இப்படிப்பட்ட அளவியலை அங்கே மலிவாகக் கற்க அரசு பணம் ஒதுக்கினால் நன்றாகச் செலவான பணம் என்பேன்.

சூட்டிலேயே +41-இல் நிறுத்தினால் போதாதா என்று நண்பர் கேட்டார். ஜாப் எப்போதும் 38-இல் இருந்தால் போதும். ஐந்து டிகிரி மாறினாலே 9 மைக்ரான் போய்விடும். அதே அலுமினியத்தில் ஒரு மாஸ்டர் ரிங் செய்து, கூலண்ட் அதன் மேலும் விழும்படி மெஷினுக்குள்ளேயே வைத்து, ஜாப்பை அளக்கும் முன் கேஜை அதில் பூஜ்யம் செய்யச் சொல்லியிருக்கிறேன். இரண்டும் ஒரே சூட்டில், ஒரே விகிதத்தில் விரியும். ரிங்கின் அளவை 20 டிகிரியில் ஒருமுறை சரிபார்த்து எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான். அறிக்கையில் 'ஆப்பரேட்டர் தவறு' இருந்த இடத்தில் இப்போது 'சூட்டில் அளந்தது' என்று ஒரு கட்டமும், பக்கத்தில் ஜாப்பின் வெப்பநிலையை எழுத ஒரு கட்டமும் போட்டிருக்கிறார்.